நிறுவனம் மூடிய பிறகு களப்பணி அனுபவத்துக்கு எங்கே போய்ச் சான்று வாங்குவது?

சமூகப்பணி படித்துவிட்டுச் சின்னத் தொண்டு நிறுவனங்களில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பெங்களூருவில் ஒரு நிறுவனம் நடத்தும் சமூக சுகாதாரப் பயிற்சித் திட்டத்துக்கு 2022-இல் விண்ணப்பித்தேன். ஓராண்டுப் பயிற்சி, மாதாமாதம் உதவித்தொகை உண்டு. எம்.எஸ்.டபிள்யூ. பட்டம், மலைக்கிராமங்களில் நான்கு வருட வேலை, மூன்று மொழிப் பேச்சு என்று அவர்கள் கேட்டதெல்லாம் என்னிடம் இருந்தது. இருந்தும் நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. "களப்பணிக்கான சான்று போதுமானதாக இல்லை" என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. அடுத்த ஆண்டு அதே திட்டத்தில் சேர்ந்துவிட்டேன் என்றாலும், இடையில் போன அந்த ஒரு வருடத்தை ஓசூரில் ஒரு ஜவுளிக்கடை பில் கவுண்டரில் கழித்தேன். அந்த வருடத்தில் எனக்கு வந்த கோபமும் அழுகையும் வேறு யாருக்கும் வர வேண்டாம் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் சான்று ஏன் இல்லாமல் போனது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது என் ஒருத்தியின் கதை இல்லை. நான் வேலை பார்த்தது கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம். எங்கள் நிறுவனத்துக்கு வெளிநாட்டுப் பணம் நேராக வராது. பெரிய நிறுவனம் ஒன்று வாங்கி, அதில் ஒரு பகுதியை எங்களைப் போன்ற சின்ன நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தினார்கள் அல்லவா, அதில் ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுப்பதே கூடாது என்று ஆகிவிட்டது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. கையில் இருந்ததை வைத்துச் சில மாதம் ஓட்டினார்கள். 2021 நடுவில் அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. நாங்கள் நடந்த ஊர்களிலேயே வீடு தேடி மாத்திரை போகத் தொடங்கிய நேரத்தில் நாங்கள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தோம். கடைசி மூன்று மாதச் சம்பளமும் வரவில்லை. கைக்கு வர வேண்டியது 37,800 ரூபாய், இன்றுவரை பாக்கி.

அந்த நேரத்தில் அனுபவச் சான்றிதழ் யார் ஞாபகத்துக்கு வரும்? சம்பளத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். விண்ணப்பம் போடும்போதுதான் இயக்குநரைத் தேடிப் போனேன். மோசமான மனிதர் இல்லை, ஆனால் பயந்துபோயிருந்தார். "ஏம்மா, நீ சம்பளத்துக்கு வேலை செஞ்சேன்னு நான் எழுதிக் கொடுத்தா, பாக்கிச் சம்பளத்துக்கு அதையே காட்டி நாளைக்குக் கேஸ் போட மாட்டியா?" என்று நேராகவே கேட்டார். "கேஸ் போட எனக்கு ஏது சார் காசு, எனக்கு லெட்டர்தான் வேணும்" என்று சொல்லியும் அவர் கொடுத்த தாளில் நான் 'தன்னார்வலர்' என்றும், 'மதிப்பூதியம்' பெற்றேன் என்றும், 'பல்வேறு காலங்களில்' பணியாற்றினேன் என்றும் இருந்தது. சேர்ந்த தேதியும் இல்லை, விலகிய தேதியும் இல்லை. பரிசீலிப்பவர் இடத்தில் யார் இருந்தாலும் அந்தத் தாளை வைத்து என்ன முடிவுக்கு வருவார்கள்? வார இறுதியில் முகாமுக்கு வந்து போன கல்லூரிப் பெண் என்றுதான் நினைப்பார்கள். திட்டத்தின் நிபந்தனையோ இரண்டு வருட முழுநேரக் களப்பணி.

நிராகரிப்பு வந்த பிறகு அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். பழைய லெட்டர்ஹெட் இரண்டு மூன்று வீட்டில் இருக்கிறது, 2021 தேதி போட்டு எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். உதவி செய்யத்தான் நினைத்தார், ஆனால் நான் வேண்டாம் என்றேன். முன்தேதியிட்ட கடிதத்தில் எங்காவது ஒரு விஷயம் இடிக்கும். அப்போது இல்லாத கைப்பேசி எண்ணோ, மாறிப்போன முகவரியோ இருந்தால் போதும், முழு விண்ணப்பமும் சந்தேகத்துக்குள்ளாகிவிடும். அதற்குத் தேவையும் இல்லை. இன்றைய தேதியிட்டு, 'முன்னாள் இயக்குநர்' என்று கையெழுத்திட்டு, நிறுவனம் இன்ன மாதத்தோடு செயல்பாட்டை நிறுத்திவிட்டது என்று ஒரு வரி சேர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதினால் அது செல்லும். அதில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரம் என்ற சொல், வேலை நடந்த ஊர்கள், என்ன வேலை, அப்புறம் அவரைக் கூப்பிட்டுக் கேட்க ஒரு எண். சம்பளப் பாக்கி பற்றிய பேச்சே அதில் வேண்டாம் என்று நானே சொன்னேன். அந்த வாக்குறுதிக்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார். வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் பூட்டிய நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் கடிதம் மட்டும் போதாது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அவரைச் சாராத ஒரு சான்று வேண்டும். அது எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? வருமான வரித் துறையிடம். எங்களுக்குப் பி.எஃப். கிடையாது, இருபது பேருக்குக் குறைவான நிறுவனம் என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்குப் பி.எஃப். இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி என்பேன், யூ.ஏ.என். கணக்கின் பணி வரலாற்றில் சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் இருக்கும். எங்கள் சம்பளம் காகிதத்தில் 14,000 ரூபாய். அதில் பத்து சதவீதம், அதாவது 1,400 ரூபாயை வரி என்று பிடித்துக்கொண்டு 12,600 கொடுப்பார்கள். எங்களை ஊழியர் என்று காட்டாமல் ஆலோசகர் என்று காட்டி, தொழில்முறைக் கட்டணத்துக்கான 194J பிரிவில் பிடித்தம் செய்திருக்கிறார்கள். என் பான் எண்ணில் incometax.gov.in தளத்தில் நுழைந்து 26AS அறிக்கையைத் திறந்தபோது, நான் வேலை பார்த்த ஒவ்வொரு நிதியாண்டுக்கும் நிறுவனத்தின் பெயர், எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு பிடித்தார்கள் என்று வரிசையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அழுதுவிட்டேன். நான்கு வருடம் நான் அங்கே இருந்தேன் என்பதை அரசாங்கப் பதிவு ஒன்று மாதம் மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இதோடு வங்கிக் கணக்கு அறிக்கையில் சம்பளம் வரவான வரிகளை மட்டும் அடையாளமிட்டுச் சேர்த்தேன். மற்ற வரவு செலவுகளைக் கறுப்படித்துவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த அழுகையில் பாதி இன்னொரு காரணத்துக்காக. எங்கள் வருமானத்துக்கு வரியே கிடையாது. ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் ஒவ்வோர் ஆண்டும் பிடித்த 16,800 ரூபாயும் திரும்ப வந்திருக்கும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூட இதை எங்களுக்குச் சொல்லவில்லை. தாமதக் கணக்கைத் தாக்கல் செய்யும் காலமும் பழைய ஆண்டுகளுக்கு முடிந்துவிட்டது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி துறைக்கு மனு போட வழி உண்டு என்று ஆடிட்டர் அலுவலகத்தில் சொன்னார்கள், அவர்கள் கட்டணத்தையும் சொன்னார்கள். என் நிலைமைக்கு அது கட்டுப்படியாகவில்லை. நீங்கள் இப்போது மதிப்பூதியத்திலோ ஆலோசகர் என்ற பெயரிலோ வேலை செய்துகொண்டிருந்தால், சம்பளத்தில் பிடித்தம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் ஜூலை மாதத்தில் கணக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். பணமும் திரும்ப வரும், நீங்கள் வேலை செய்ததற்கு இன்னொரு சாட்சியும் சேரும்.

மூன்றாவது சான்று, களத்தில் என்னைப் பார்த்தவர்களுடையது. கிராம சுகாதார செவிலியரிடம் போனேன். என்னைப் பார்த்ததும் "வா கண்ணு, எங்க போயிட்ட இத்தனை நாளா" என்று உட்காரவைத்து டீ கொடுத்தார். ஆனால் கடிதம் என்றதும் தயங்கினார். அவர் அரசு ஊழியர், தன் பெயரில் அலுவலகக் கடிதம் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அதை அவரிடம் வற்புறுத்துவது நியாயமும் இல்லை. "நீ நேரா பி.எம்.ஓ. சார் கிட்ட போ, நான் போன்ல சொல்லி வைக்கிறேன்" என்றார். வட்டார மருத்துவ அலுவலருக்கு என் முகம் ஞாபகம் இருந்தது, பெயர் இல்லை. காசநோய்க் கணக்கெடுப்பு நடந்த மாதங்களையும் ஊர்களின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் தன் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நான்கு வரியில் ஒரு கடிதம் கொடுத்தார். "இந்தக் காலத்தில் இந்த ஊர்களில் எங்கள் பணியாளர்களுடன் இணைந்து வேலை செய்ததை அறிவேன்" என்பதுதான் சாரம். நல்ல பெண், கடின உழைப்பாளி என்றெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. நேர்காணலில் அவர்கள் முதலில் எடுத்துக் கேட்டது அந்த நான்கு வரிக் கடிதத்தைத்தான். புகழ்ச்சிக் கடிதம் யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுப்பார்கள், ஊர் பெயரும் மாதமும் உள்ள கடிதத்தைக் கூட இருந்து பார்த்தவர்தான் எழுத முடியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. விண்ணப்பத்தை டைப் அடித்த கடையில் இருந்தவர், வீடு வீடாகப் போன படங்களையும் பதிவேட்டுப் பக்கங்களையும் இணைத்தால் கனமாக இருக்கும் என்று சொன்னார். என் கூட வேலை பார்த்த ஒரு தம்பியும் அப்படித்தான் அனுப்பியிருந்தான். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பக்கங்களில் காசநோய் உள்ளவர்களின் பெயர் இருக்கிறது, கருக்கலைந்த பெண்களின் பெயர் இருக்கிறது. நம்மை நம்பி வீட்டுக்குள் விட்டவர்கள் அவர்கள். சுகாதாரத் திட்டத்துக்கு ஆள் எடுப்பவர்கள் அதைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடுவார்கள், மூடவும் வேண்டும். எழுதாத வெற்றுப் படிவம் ஒன்றும், எந்த விவரங்களைப் பதிவு செய்தோம் என்ற குறிப்பும் போதும்.

சான்றுகள் சேர்ந்தன. அடுத்தது 'உங்கள் களப்பணி அனுபவத்தை விவரிக்கவும்' என்ற பகுதி. இதில் நாம் எல்லோரும் நிறுவனத்தின் ஆண்டறிக்கை மொழியில் எழுதப் பழக்கப்பட்டவர்கள். விழிப்புணர்வு முகாம்கள் நடத்தினேன், இத்தனை பயனாளிகளைச் சென்றடைந்தேன், மகளிர் குழுக்களை வலுப்படுத்தினேன் என்றெல்லாம் எழுதுவோம். இப்போது நான் தம்பி தங்கைகளின் விண்ணப்பங்களைப் படித்துப் பார்க்கிறேன், பெயரை மாற்றினால் எல்லாம் ஒன்றுதான். அந்தத் திட்டத்தில் எனக்கு முன் பயிற்சி முடித்த ஒரு அக்கா என்னிடம் சொன்னது இதுதான்: "ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கோ. நீ போகும்போது என்ன நிலைமை, நீ என்ன செஞ்ச, மத்தவங்க என்ன செஞ்சாங்க, எது நடக்கல. இது நாலையும் எழுது." நான் எழுதியதை, அடையாளம் தெரியாதபடி மாற்றி, இங்கே சொல்கிறேன்.

மலைக்கிராமம் ஒன்றில் கூலி வேலை செய்பவர், நாற்பது வயது இருக்கும். காசநோய்க்கு ஆறு மாத மருந்து. இரண்டு மாதம் சாப்பிட்டதும் இருமல் நின்றுவிட்டது, எடையும் கொஞ்சம் ஏறியது. மாத்திரையை நிறுத்திவிட்டார். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்து கிருமிகளில் பெரும்பகுதியைக் கொன்றுவிடுகின்றன, உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றும். மிச்சமிருக்கும் கொஞ்சக் கிருமிக்காகத்தான் அடுத்த நான்கு மாதம். அதை விட்டால் நோய் திரும்பும், மருந்துக்கு மசியாமலும் திரும்பலாம். சுகாதாரப் பணியாளர் இதைத் தமிழில் சொல்லியிருக்கிறார். நோயாளிக்குத் தமிழ் ஓரளவு புரியும், அவர் மனைவிக்குக் கன்னடம் மட்டும்தான். வீட்டில் மாத்திரையை எடுத்து வைப்பது மனைவி. அவருக்கு இது எதுவுமே போய்ச் சேரவில்லை.

நான் போய் மனைவியிடம் கன்னடத்தில் உட்கார்ந்து பேசினேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்காமல், மாத்திரை சாப்பிடும் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது, மாத்திரை வாங்கக் கீழே போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது, வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டுகிறது, சிறுநீர் சிவப்பாகப் போவதைப் பார்த்து ரத்தம் போகிறது என்று பயந்திருக்கிறார்கள். அந்தச் சிவப்பு ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், அதனால் கெடுதல் இல்லை என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. சிகிச்சை மேற்பார்வையாளரிடம் பேசி, அதே ஊரில் இருந்த அங்கன்வாடிப் பணியாளரை மருந்து கொடுக்கும் துணையாளராக ஆக்கினோம். அந்த முடிவை எடுத்தது மேற்பார்வையாளர், ஒத்துக்கொண்டு சுமந்தது அந்த அங்கன்வாடி அம்மா. என் பங்கு, இருவரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்ததும், மனைவிக்குப் புரிகிற மொழியில் ஆறு மாதக் கணக்கைச் சொன்னதும்தான். இப்படியே எழுதினேன். எல்லாவற்றையும் நானே செய்தேன் என்று எழுதினால், கிராமத்தில் வேலை செய்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம் நடக்காதது. காசநோய் உள்ளவர்களுக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போடும் நிக்ஷய் போஷண் திட்டம் 2018 ஏப்ரலில் வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். அவருக்கு ஜன்தன் கணக்கு இருந்தது, ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் வரவு செலவு எதுவும் இல்லாததால் முடங்கிப்போயிருந்தது. ஆவணங்களைக் கொடுத்துத் திரும்ப உயிர்ப்பிக்க வங்கிக்கு அவரே நேரில் போக வேண்டும், அதற்கும் கூலி போகும். நாங்கள் கூட்டிப்போனோம், ஆதார் இணைப்பில் பெயர் எழுத்து வேறாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் சிகிச்சை எல்லாம் முடிந்த பிறகு 3,000 ரூபாய் மொத்தமாக வந்தது. மாத்திரை சாப்பிட்ட ஆறு மாதமும் முட்டை வாங்கக் காசில்லாமல் களியும் சாறுமாகத்தான் அவர் சாப்பிட்டார். நோயைக் கண்டுபிடித்த அன்றே வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வேலையைச் சேர்க்க வேண்டும் என்று எழுதி அந்தப் பகுதியை முடித்தேன்.

எழுதியது தமிழில். விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் எல்லாமே ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று நினைத்துப் பலர் இணையத்தில் கிடைப்பதை ஒட்டிவிடுகிறார்கள். நான் மின்னஞ்சல் போட்டுக் கேட்டேன். விவரணைப் பகுதியைத் தமிழிலோ கன்னடத்திலோ எழுதலாம் என்று மறுநாளே பதில் வந்தது. படிவத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. கேட்டால்தான் தெரியும்.

மொழிக் கட்டத்துக்கு வருகிறேன். 'பேச, படிக்க, எழுத' என்று மூன்று பத்தி, எதிரே டிக் செய்ய வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கட்டத்தில் அடங்குவது கஷ்டம். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம், படித்தது தமிழ்வழி, கன்னடம் களத்தில் வந்தது. தெலுங்கில் எனக்கு ஒரு எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. கன்னட எழுத்தைக் கூட்டிக்கூட்டிப் படிப்பேன். இருளர் குடியிருப்புகளில் அவர்கள் பேசுவது எனக்குப் புரியும், திருப்பிப் பேச வராது. நான் டிக் போட்டதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு மொழிக்கும் ஓரிரு வரி தனித்தாளில் எழுதி இணைத்தேன். கன்னடம்: ஒருவரிடம் நோய் விவரம் கேட்டுப் பதிவு செய்ய முடியும், பெண்கள் கூட்டத்தில் பேச முடியும், துண்டுப் பிரசுரத்தை மெதுவாகப் படிக்க முடியும், அறிக்கை எழுத முடியாது. தெலுங்கு: தாய்மொழி, எந்தப் பேச்சும் முடியும், படிக்க எழுதத் தெரியாது. இருளர் மொழி: கேட்டால் புரியும், பேசுவதற்கு அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் துணை வேண்டும். ஆங்கிலம்: படித்துப் புரிந்துகொள்வேன், தயங்கித் தயங்கிப் பேசுவேன்.

இது எவ்வளவு உதவியது என்று நேர்காணல் அன்றுதான் தெரிந்தது. எனக்கு முன்னால் உள்ளே போன பையன் கன்னடத்துக்கு மூன்று டிக்கும் போட்டிருந்தானாம். வாந்தி பேதிக்கான உப்புச் சர்க்கரைக் கரைசல் பற்றிய கன்னடத் துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது வரியில் நின்றுவிட்டான். வெளியே வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான், பாவமாக இருந்தது. நன்றாகப் பேசக்கூடிய பையன்.

என்னிடம் பிரசுரம் எதையும் நீட்டவில்லை. குழுவில் இருந்த ஒரு மூத்த செவிலியர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "நான்தான் அந்த வீட்டு மாமியார். பேரனுக்குப் பேதி, நான் தண்ணியே கொடுக்காம நிறுத்திட்டேன். நீங்க என்கிட்ட பேசுங்க" என்று கன்னடத்தில் தொடங்கிவிட்டார். எனக்கு ஒரு நிமிடம் தொண்டை வறண்டது. அப்புறம் ஊரில் பேசுவதுபோலவே பேசினேன். நீங்கள் தண்ணீரை நிறுத்தியது எதற்காக என்று கேட்டேன், கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும் என்றார். போன தண்ணீரை ஈடுகட்டாவிட்டால் குழந்தை துவண்டுவிடும் என்று சொல்லி, ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் முழுதாகக் கரைக்கணும், பாதிப் பாதியாகப் போடக் கூடாது, கரண்டி கரண்டியாகக் கொடுக்கணும், கரைத்ததை மறுநாளுக்கு வைக்கக் கூடாது, துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றாலும் பதினான்கு நாள் கொடுக்கணும் என்று வரிசையாகச் சொன்னேன். ஒரு லிட்டர் அளவுக்கு உங்கள் வீட்டில் என்ன பாத்திரம் இருக்கிறது என்று நான் கேட்டபோது அந்தச் செவிலியர் சிரித்துவிட்டார். என் கன்னடத்தில் தெலுங்கு கலந்திருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

அடுத்த கேள்விதான் கடினம். "இருளர் மொழி பேச வராது என்று எழுதியிருக்கிறீர்கள், அப்போது எப்படி வேலை செய்தீர்கள்?" இதற்கு நான் தயாரித்து எதுவும் வைத்திருக்கவில்லை, நடந்ததைச் சொன்னேன். குடியிருப்பில் உள்ள ஒரு பெண்ணை எப்போதும் உடன் வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குத் தமிழ் நன்றாக வரும், அதனால் அவர்களை வைத்துப் பேசிவிடத் தோன்றும். ஆனால் மாதவிடாய் பற்றியும் பிரசவம் பற்றியும் ஒரு தாய் தன் மகன் வழியாக எப்படிச் சொல்வாள்? காசநோய் என்றால் பக்கத்து வீட்டுப் பெண்ணை மொழிபெயர்க்க வைத்தால், மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் அந்த மாதிரி விஷயங்களுக்கு வேறு குடியிருப்பைச் சேர்ந்த பெண்ணை வரச்சொல்லி, அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துக் கூட்டிப்போவோம். அந்தக் கூலிக்கு எங்கள் பட்ஜெட்டில் தலைப்பே கிடையாது, பயணச் செலவில்தான் எழுதுவோம் என்பதையும் சொன்னேன். குழுவில் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். பேச வராது என்று எழுதிய அந்த வரியைப் பற்றித்தான் என்னிடம் அதிக நேரம் பேசினார்கள்.

தேர்வான செய்தி வந்த பிறகு அசல் சான்றிதழ்களோடு வரச்சொன்னார்கள். அங்கே ஒரு ஊழியர் என் முன்னாலேயே முன்னாள் இயக்குநரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நான் சேர்ந்த மாதத்தைக் கேட்டார். அவர் சொன்னதும் 26AS-இல் முதல் வரவு இருந்த மாதமும் ஒரு மாதம் வித்தியாசப்பட்டது. ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம்தான் வரும் என்று விளக்கினேன், வங்கி அறிக்கையைப் பார்த்து ஒத்துக்கொண்டார். இயக்குநருக்கு முந்தின நாளே நான் போன் பண்ணி, கூப்பிடுவார்கள், எண்ணை எடுங்கள் சார் என்று சொல்லிவைத்திருந்தேன். நீங்களும் பரிந்துரையாளர்களாக யாரைப் போடுகிறீர்களோ அவர்களிடம் உங்கள் விண்ணப்பத்தின் நகலைக் கொடுத்துவிடுங்கள். நான்கு வருடத்துக்கு முன் நடந்ததைத் தெரியாத எண்ணிலிருந்து யாரோ கேட்டால் யாராக இருந்தாலும் தடுமாறுவார்கள்.

இப்போது வேலை பார்க்கும் இடத்தில், ஒவ்வொரு திட்டமும் முடிகிற மாதத்தில், கடைசிச் சம்பளம் வருவதற்கு முன்னாலேயே, கூட வேலை பார்க்கும் எல்லோருக்கும் தேதியோடும் ஊர் பெயர்களோடும் கடிதம் தயாரித்து மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். அலுவலகம் திறந்திருக்கும்போது அந்தக் கையெழுத்துக்கு ஐந்து நிமிடம்தான் ஆகிறது.